23-ஆம் கேள்வி, ஒன்பதாம் பக்கம்

பொதுத் தேர்வுக்கு முன்னால் பள்ளியே நடத்தும் ஒத்திகைத் தேர்வுக்கு டெல்லியில் 'ப்ரீ-போர்டு' என்று பெயர். பல்லைக் கிட்டவைக்கும் டிசம்பர், ஜனவரிக் குளிரில் நடக்கும். திருத்திய விடைத்தாள்களைத் தரும் நாளில் பன்னிரண்டாம் வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பேச்சு மூச்சு இருக்காது. எல்லோரும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறாவது நிமிடம் ஆசிரியரின் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். எனக்கு அரை மார்க் குறைகிறது, அவனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எனக்கு ஏன் இல்லை என்று இருபது தாள்கள் ஒரே நேரத்தில் ஆசிரியரின் மூக்குக்கு நேரே நீளும்.

அந்த மேசைக்குப் பின்னால் முப்பது வருடம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் கேட்கப்படும் பல நியாயமான கோரிக்கைகள் அங்கேயே செத்துப்போகும். ஆசிரியர் கல்நெஞ்சக்காரர் என்பதால் அல்ல. கணக்கு விடை ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தொடர்ந்து படிக்க இரண்டு நிமிட அமைதி வேண்டும். அந்த இரண்டு நிமிடம் அங்கே கிடைக்காது. கூட்டல் தப்பு என்றால் உடனே திருத்திவிடலாம். ஒரு பக்கத்தைப் பார்க்காமல் புரட்டியிருந்தால் அதுவும் கண்ணில் படும். 'என் வழி வேறு, ஆனால் சரி' என்று ஒரு பையன் சொன்னால்தான் கஷ்டம். அதற்கு எழுத்துதான் வேண்டும்.

அப்படி எழுதப்பட்ட கடிதம் ஒன்று அண்மையில் என் பார்வைக்கு வந்தது. எழுதியவள் எங்கள் குடியிருப்பில் இரண்டு மாடி கீழே இருக்கும் பெண். அவள் அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கோப்புகளில் குறிப்பு எழுதியே தலை நரைத்தவர். கடிதத்துக்கு அவர் ஒரு வரைவு தயாரித்திருந்தார். அதைப் பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

விவகாரம் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றைப் பற்றியது. sin x cos x என்பதைத் தொகையிட வேண்டும். கால்குலஸில் இன்டக்ரேஷன் கற்றுக்கொள்ளும் யாரும் முதல் மாதத்திலேயே போட்டுவிடும் கணக்கு. பெண் இப்படிப் போட்டிருந்தாள்:

u = sin x, du = cos x dx

∫ sin x cos x dx = ∫ u du = u²/2 = sin²x/2

வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டிய விடை வேறு. அவர் sin x cos x என்பதை முதலில் (1/2) sin 2x என்று மாற்றிக்கொண்டு, பிறகு தொகையிட்டிருந்தார்:

∫ sin x cos x dx = −(cos 2x)/4 + C

ஒன்றில் சைன், மற்றதில் கொசைன். ஒன்றில் வர்க்கம் இருக்கிறது, மற்றதில் கோணம் இரட்டிப்பாகியிருக்கிறது, போதாததற்குக் கழித்தல் குறி வேறு. பார்வைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெண்ணின் கடைசி வரியைச் சுற்றி ஆசிரியை சிவப்பு வட்டம் போட்டிருந்தார். பிரதியிட்டதற்கு மட்டும் அரை மதிப்பெண்.

இதில் ஆசிரியையைக் குறை சொல்லும் முன் ஒரு கணக்குப் போடுவோம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாளின் மாதிரியில் 38 கேள்விகள். ப்ரீ-போர்டிலும் அதே மாதிரிதான். வகுப்பில் 40 பேர் என்றால் 1,520 விடைகள். ஒற்றைச் சொல்லில் முடியும் கேள்விகளைத் தள்ளிவிட்டாலும் எழுநூறுக்கு மேல் மிஞ்சும். இரவு பத்து மணிக்கு, விடைக்குறிப்பை இடதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு, முப்பதாவது தாளைத் திருத்துகிற கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். அது குறிப்போடு பொருந்தினால் மேலே உள்ள படிகளை விரைவாகப் பார்த்து டிக் விழும். பொருந்தாவிட்டால், எங்கே தவறு என்று தேடாமலேயே வட்டம் விழும். இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இனி அப்பாவின் வரைவுக்கு வருவோம். அதற்கு முன்னால் அவர் நடத்திய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அவரும் ஒரு காலத்தில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். இரண்டு விடைகளிலும் x = 0 என்று போட்டுப் பார்த்திருக்கிறார். பெண்ணின் விடை 0 என்றது. ஆசிரியையின் விடை −1/4 என்றது. "ரெண்டும் ஒண்ணு இல்லையே, நீதான் தப்பு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பெண் அழுதுவிட்டு, தன் விடையை வகையிட்டு, அதாவது எதிர்த்திசையில் நடத்தி, மறுபடி sin x cos x வருவதைக் காட்டியிருக்கிறாள். உடனே அப்பா கட்சி மாறிவிட்டார். அவர் வரைவு பிரின்சிபாலின் பெயருக்கு இருந்தது. 'கடும் அதிருப்தி' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. கோச்சிங் சென்டர் ஆசிரியரும் இதைச் சரி என்று சொல்லிவிட்டதாக ஒரு வரி. ஒன்றரை மதிப்பெண் உடனடியாக வழங்கப்பட வேண்டும் என்று முடிவு. கணக்கு மட்டும் அதில் எங்குமே இல்லை.

இப்படிப்பட்ட கடிதம் வந்தால் பள்ளியில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிரின்சிபால் அதை ஆசிரியைக்கு அனுப்புவார். ஆசிரியை அதைப் புகாராகத்தான் படிப்பார். கோச்சிங் சென்டர் என்ற சொல்லைக் கண்டதும் முகம் இறுகும். பிறகு விடைத்தாளை எடுத்துத் தன் திருத்தம் சரி என்பதற்கு ஆதாரம் தேடுவார். அந்தத் தாளில் ஆதாரம் நிச்சயம் கிடைக்கும். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் ஆராய்ச்சி பாதியில் நின்றுவிட்டதுதான் கோளாறு. நான் அவரை இன்னும் மூன்று இடத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். x = 30° என்றால் பெண்ணின் விடை 1/8, ஆசிரியையின் விடை −1/8. x = 45° என்றால் 1/4, 0. x = 90° என்றால் 1/2, 1/4. எங்கே எடுத்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1/4 தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாடிப்படியை அளப்பது போலத்தான் இது. ஒருவர் தெருவிலிருந்து அளக்கிறார். இன்னொருவர் திண்ணையிலிருந்து அளக்கிறார். ஒவ்வொரு படிக்கும் இருவரும் வேறு வேறு உயரம் சொல்வார்கள். ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எவ்வளவு ஏறினோம் என்று கேட்டால் இருவர் பதிலும் ஒன்றுதான். தொகையிடல் நமக்குத் தருவது இந்த ஏற்றத்தை மட்டுமே. எங்கிருந்து அளந்தோம் என்பது கேள்வியில் இல்லை. அதனால்தான் விடையின் வாலில் + C என்று ஒரு மாறிலியைச் சேர்க்கிறோம். தெருவோ திண்ணையோ, எதுவாகவும் இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பெண்ணின் தெருவுக்கும் ஆசிரியையின் திண்ணைக்கும் நடுவே 1/4 உயரம். அவ்வளவுதான்.

இப்போது பெண்ணின் கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள்: sin²x/2. அதில் + C இல்லை.

நான் சுட்டிக்காட்டும் முன்னால் அவளே கண்டுபிடித்துவிட்டாள். தன் கணக்கைக் கடிதத்துக்காகச் சுத்தமாக எழுதிப் பார்த்தபோது கைப்பழக்கத்தில் + C என்று எழுதியிருக்கிறாள். விடைத்தாளோடு ஒப்பிட்டபோது அங்கே அது இல்லை. முகம் வெளுத்துவிட்டது. ஆசிரியை வட்டம் போட்டாரே தவிர, C இல்லை என்று எங்கும் எழுதவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அங்கே ஒரு குடும்பச் சண்டை தொடங்கியது. "அவங்களே பார்க்கலே, நாம ஏன் எடுத்துக் குடுக்கணும்?" என்றார் அப்பா. இருபத்தைந்து வருட அலுவலக அனுபவம் அப்படிப் பேசவைத்தது. கேட்கப்படாத கேள்விக்குக் கோப்பில் பதில் எழுதக்கூடாது. அம்மா மட்டும், "அவ சொல்லட்டும், விடுங்க" என்றார். என்னைப் பார்த்தார்கள். நான் தர்ம நியாயம் பேசவில்லை. கணக்கைத்தான் சொன்னேன். அவள் கேட்கும் மதிப்பெண் நிற்பதே அந்த C-யின் மேல். இரண்டு விடைகளும் ஒன்றுதான், மாறிலியில் மட்டும் வித்தியாசம் என்று அவள் வாதாடப் போகிறாள். மாறிலியை எழுத மறந்தவள் மாறிலியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். C இல்லாமல் பார்த்தால் sin²x/2 என்பதும் −(cos 2x)/4 என்பதும் உண்மையிலேயே வேறு வேறு; அப்பா x = 0 போட்டபோது கண்டது பொய்யல்ல. கடிதத்தைப் படிக்கும் ஆசிரியை இந்த இடத்துக்கு வரும்போது அவர் கண் தானாக C-யைத் தேடும். இல்லாததைக் கண்டுபிடிப்பார். நான் முன்பு சொன்ன ஆதாரம் இதுதான். அதை அவராகக் கண்டுபிடித்தால், தன் வட்டம் சரி என்று மூடிவைத்துவிடலாம். மாணவியே சொல்லிவிட்டால், மிச்சத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

பெண் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் தருகிறேன்.

மரியாதைக்குரிய மேம்,

ப்ரீ-போர்டு கணிதத் தாளில் 23-ஆம் கேள்விக்கு நான் எழுதிய விடையை நேரம் கிடைக்கும்போது ஒரு முறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடை ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மதிப்பெண்ணில் அரை கிடைத்திருக்கிறது.

நான் u = sin x என்று பிரதியிட்டு, sin²x/2 என்று முடித்திருக்கிறேன். வகுப்பில் தாங்கள் தந்த விடை −(cos 2x)/4 + C.

என் விடையை வகையிட்டுப் பார்த்தேன்:

d/dx (sin²x/2) = (1/2)(2 sin x)(cos x) = sin x cos x

மேலும் sin²x = (1 − cos 2x)/2 என்பதால்,

sin²x/2 = 1/4 − (cos 2x)/4

ஆகவே இரண்டு விடைகளுக்கும் நடுவே 1/4 என்ற மாறிலி மட்டுமே வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

என் விடையில் ஒரு பிழை இருக்கிறது. கடைசி வரியில் C எழுதவில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது:

∫ sin x cos x dx = sin²x/2 + C

இதற்குரிய அரை மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை. மற்றப் படிகளை மட்டும் பார்க்க வேண்டுகிறேன். விடைத்தாளில் எதையும் மாற்றவில்லை; திருத்தம் இந்தத் தனித் தாளில்தான் இருக்கிறது. விடைத்தாளையும் இணைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
பன்னிரண்டு பி மாணவி

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. எந்தக் கேள்வி, எந்தப் பக்கம் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. எழுநூறு விடைகளில் இதைத் தேடி ஆசிரியை தாளைப் புரட்ட வேண்டியதில்லை. 'என் விடை சரி' என்று அவள் எங்கும் எழுதவில்லை. வகையிட்டுக் காட்டியிருக்கிறாள், அந்த ஒரு வரியை ஆசிரியை மனக்கணக்காகவே சரிபார்த்துவிடலாம். வகையிட்டுக் காட்டியதோடு நிற்காமல், ஆசிரியையின் விடை எப்படித் தன் விடைக்குள் இருக்கிறது என்பதையும் காட்டியிருக்கிறாள். இது ரொம்ப முக்கியம். முதல் வரி 'நான் சரி' என்று மட்டும்தான் சொல்லும். படிப்பவர் மனதில் 'அப்படியானால் என் விடைக்குறிப்பு தப்பா?' என்ற கேள்வி எழும். இரண்டாவது வரி வந்த பிறகு அந்தக் கேள்விக்கு இடமில்லை. இரண்டு பேரும் சரி.

விடைத்தாளில் எதையும் மாற்றவில்லை என்ற வரியைச் சிலர் அனாவசியம் என்று நினைக்கலாம். ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். திருத்திக் கொடுத்த தாளில் பிறகு ஒரு கழித்தல் குறியையோ, ஒரு + C-யையோ சேர்த்து எடுத்துவரும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அதற்காகத்தான் அனுபவசாலிகள் விடை முடிந்த இடத்தில் குறுக்குக் கோடு போட்டு வைப்பார்கள். பேனாவின் நீலம் கொஞ்சம் மாறியிருக்கும், எழுத்து இடுக்கில் நெருக்கியிருக்கும், சிவப்பு வட்டத்தின் மேலேயே நீல மை ஏறியிருக்கும். மை மேலே இருந்தால் வட்டத்துக்குப் பிறகு எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். ஒரு தாளில் இதைப் பார்த்துவிட்டால் அந்த மாணவன் கேட்கும் நியாயமான கோரிக்கையும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். திருத்திய கணக்கு எப்போதும் தனித் தாளில் இருக்க வேண்டும். விடைத்தாளின் மேல் பேனாவே படக்கூடாது.

கடிதம் ஆசிரியையின் கையில் மதிய இடைவேளையில் கொடுக்கப்பட்டது, கூட்டத்தில் அல்ல. மறுநாள் தாள் திரும்பி வந்தது. அரையை அடித்து ஒன்றரை என்று போட்டு, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. பிரதியிட்டதற்கு அரை, தொகையிட்டதற்கு ஒன்று. C-க்கான அரை கிடைக்கவில்லை. அவள் சொன்ன கணக்கேதான்.

அதோடு நிற்கவில்லை. ஆசிரியை வகுப்பில் எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கிக்கொண்டார். இதே வழியில் போட்ட இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் அதே வட்டம், அதே அரை. அவர்களில் ஒருவன் C-யும் எழுதியிருந்தான். அவனுக்கு முழுதாக இரண்டு கிடைத்தது. கடிதம் எழுதியவளுக்கு ஒன்றரை, கடிதமே எழுதாதவனுக்கு இரண்டு. அவள் அப்பாவுக்கு இது இன்னமும் ஜீரணமாகவில்லை.

செய்தி பரவியதும் இன்னொரு பையன் ஒரு கடிதத்தோடு வந்தான். அவன் விடை (sin 2x)/4 + C. விடைகள் பல உருவத்தில் வரலாம் என்றால் இதுவும் ஓர் உருவம்தானே என்பது அவன் வாதம். சும்மா வரவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். x = 0 என்றால் பெண்ணின் விடையும் 0, அவன் விடையும் 0. x = 45° என்றால் அதுவும் 1/4, இதுவும் 1/4. இரண்டு இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது. இதைக் கேட்டபோது எனக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. x = 90° போட்டால் சாயம் வெளுத்துவிடும்: அவள் விடை 1/2, அவன் விடை 0. அவன் (1/2) sin 2x வரை சரியாக வந்து, தொகையிடும்போது சைனைக் கொசைனாக மாற்ற மறந்து வெறுமனே இரண்டால் வகுத்திருந்தான். வகையிட்டுப் பார்த்திருந்தால் (cos 2x)/2 என்று வந்திருக்கும். கேள்வியில் இருந்தது அதுவல்ல என்று ஒரே வரியில் தெரிந்திருக்கும்.

எண்ணைப் போட்டுச் சோதிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஓர் இடத்தில் பொருந்தாததைக் கண்டு அப்பா சரியான விடையைத் தப்பு என்றார். இரண்டு இடத்தில் பொருந்தியதைக் கண்டு பையன் தப்பான விடையைச் சரி என்றான். தொகையீட்டுக்கு நம்பகமான சோதனை, அதை வகையிட்டுக் கேள்விக்குத் திரும்பிப் போவது ஒன்றே. பையனுக்கு முதல் படிக்கான அரை மதிப்பெண் ஏற்கெனவே கிடைத்திருந்தது. அது அப்படியே இருந்தது.

இந்த வழியெல்லாம் பள்ளித் தேர்வோடு சரி. பொதுத் தேர்வில் உங்கள் தாளைத் திருத்தியவர் யார் என்றே தெரியாது. யாருக்குக் கடிதம் எழுதுவது? ஆனால் எதைக் காட்ட வேண்டும் என்பதில் அங்கேயும் பெரிய மாற்றம் இல்லை. உச்ச நீதிமன்றம் 1983-இலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வைக் கான்பூர் பல்கலைக்கழகம் நடத்தி, விடைக்குறிப்பையும் வெளியிட்டது. மாணவர்கள் தங்கள் பாடப் புத்தகங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்; சில கேள்விகளுக்குக் குறிப்பே தப்பு என்று வழக்குப் போட்டார்கள். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, தப்பு என்று நிரூபிக்கப்படும் வரை விடைக்குறிப்பு சரி என்றே கொள்ள வேண்டும் என்றது. நீட்டி முழக்கி வாதாடித் தப்பாக்கக் கூடாது. பார்த்தவுடன் தப்பு என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்றது. அந்த மாணவர்கள் பாடப் புத்தகங்களை வைத்தே அப்படிக் காட்டினார்கள், வென்றார்கள். எங்கள் குடியிருப்புப் பெண் செய்ததும் ஏறக்குறைய அதுதான். விடைக்குறிப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இல்லாததால் அவள் வேலை இன்னும் சுலபம்.

கான்பூர் மாணவர்களுக்குக் குறிப்பு கிடைத்தது. பொதுத் தேர்வு எழுதியவர்களுக்குத் தங்கள் விடைத்தாளையே பார்க்க வழியில்லாமல் நீண்ட காலம் போனது. 1984-இல் மகாராஷ்டிர வாரியத்தின் வழக்கில், விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ மாணவருக்கு உரிமை இல்லை என்ற வாரியத்தின் விதிகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில், திருத்திய விடைத்தாளும் தகவல்தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. சி.பி.எஸ்.இ.யில் முதலில் கூட்டலைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும், பிறகு நகல், அதன் பிறகே மறுமதிப்பீடு என்று வெகுநாள் ஒரு வரிசை இருந்தது. 2025-இல் நகலை முதலில் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். எந்தக் கேள்வியில் என்ன குறை என்று தெரியாமலே பணம் கட்டிக்கொண்டிருந்த பெற்றோருக்கு இது நிம்மதி.

நகல் கையில் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாரியத்தின் மதிப்பீட்டு முறையும் இணையதளத்தில் கிடைக்கும். அதன் முதல் பக்கத்தில் திருத்துவோருக்கான பொது விதிகள் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டி நேரே விடைகளுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பிழைக்கு ஒரு முறைதான் தண்டனை, அதன் விளைவாகக் கீழே வரும் வரிகளுக்கெல்லாம் மதிப்பெண்ணை வெட்டக் கூடாது என்ற விதி அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது வரியில் ஒரு குறி மாறிப்போய், மீதி ஐந்து வரியும் அந்தத் தப்பான எண்ணை வைத்துச் சரியாக நடந்திருந்தால் கேட்க இடம் உண்டு. அதை விட்டுவிட்டு, 'நன்றாகத்தான் எழுதினேன், குறைந்துவிட்டது' என்று எல்லாக் கேள்விக்கும் விண்ணப்பிப்பதில் வாரியத்துக்குக் கட்டணம் சேருவதைத் தவிர வேறு பலன் இல்லை.

இன்னொன்றும் அந்த அறிவிப்புகளில் எழுதியிருக்கும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் ஏறலாம், அப்படியே இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைத்துப் புதிய பட்டியலைத் தந்துவிடுவார்கள். பழையதே போதும் என்று பின்வாங்க முடியாது. முதலில் திருத்தியவர் பார்க்காமல் விட்ட + C இரண்டாவது ஆளின் கண்ணில் பட்டால், அதற்கான அரை மதிப்பெண் அங்கேயும் போய்விடும். எனவே கட்டணம் கட்டும் முன்னால் அந்தக் கேள்வியைத் தனித் தாளில் முதல் வரியிலிருந்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். நகலில் இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.